பெயரை முதலில் சொல்ல வேண்டிய கட்டாயம்

பிரவுசரில் ஒரு https முகவரியைத் தட்டியதும் அங்கிருந்து சர்வருக்குப் புறப்படும் முதல் செய்தியை ‘கிளையன்ட் ஹலோ’ என்பார்கள். எந்தப் பதிப்பில் பேசலாம், எந்தெந்தக் குறியாக்க முறைகள் தனக்குத் தெரியும் என்று பிரவுசர் அதில் பட்டியல் போட்டுச் சொல்லும். அந்தப் பட்டியலின் நடுவே சின்னதாக ஒரு துண்டு இருக்கும். example.com என்ற தளத்துக்குப் போகிறோம் என்றால் அந்தத் துண்டு இப்படி இருக்கும்:

```
00 00  00 10  00 0e  00  00 0b
65 78 61 6d 70 6c 65 2e 63 6f 6d
```

மொத்தம் 20 பைட். முதலில் வரும் இரண்டு சுழிகள், இது 0 என்ற எண்ணுள்ள நீட்சி என்று அறிவிக்கின்றன. அடுத்து இரண்டு நீளக் கணக்குகள். அதன் பின் வரும் ஒற்றைச் சுழி, ‘வருவது ஒரு தளத்தின் பெயர்’ என்கிறது. 0b என்பது அந்தப் பெயரில் 11 எழுத்துகள் உண்டு என்கிறது. இரண்டாவது வரி, example.com என்ற பெயரின் எழுத்துகள்தான். எந்தப் பூட்டும் இல்லை, எந்தத் திரையும் இல்லை. வழியில் இருக்கும் எவரும் வாசிக்கலாம். இதுதான் சர்வர் நேம் இண்டிகேஷன், சுருக்கமாக எஸ்.என்.ஐ. ஒரே ஐபி முகவரியில் ஆயிரக்கணக்கான தளங்கள், தத்தம் சான்றிதழோடு, ஒன்றை ஒன்று இடிக்காமல் குடியிருப்பது இந்தத் துண்டால்தான். அதே துண்டுதான், பூட்டுப் போட்ட இணைப்பிலும் நாம் எங்கே போகிறோம் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை என்பதால் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள 1990-களுக்குப் போக வேண்டும். பூட்டில்லாத எச்.டி.டி.பி.யில் பல தளங்கள் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் சிக்கல் அப்போதே தீர்ந்துவிட்டது. பிரவுசர் தன் கோரிக்கையில் `Host:` என்று ஒரு வரி சேர்த்து, தனக்கு எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லிவிடும். 1997-இல் வந்த எச்.டி.டி.பி. 1.1 தரநிலை அந்த வரியைக் கட்டாயமாக்கியது. வாடகைக்கு இடம் தரும் ஹோஸ்டிங் தொழிலுக்கு அது போதுமானதாக இருந்தது.

எஸ்.எஸ்.எல்., அதன் வாரிசான டி.எல்.எஸ். வந்தபோது வரிசை மாறியது. முதலில் கிளையன்ட் ஹலோ, பதிலுக்கு சர்வர் தன் சான்றிதழை நீட்டும், பிரவுசர் அதைச் சரிபார்க்கும், சாவி ஒத்துக்கொள்ளப்படும், அதற்குப் பிறகுதான் பூட்டிய குழாய்க்குள் `Host:` வரி வரும். அதாவது, எந்தத் தளம் வேண்டும் என்று சர்வருக்குத் தெரிவதற்கு முன்பே அது சான்றிதழைக் காட்டியாக வேண்டும். சான்றிதழில் இருக்கும் பெயரும் நாம் தட்டிய பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். எனவே சர்வருக்குக் கையில் இருந்த ஒரே துப்பு, இணைப்பு எந்த ஐபி முகவரிக்கு வந்தது என்பது மட்டும்தான். ஒரு சான்றிதழுக்கு ஒரு ஐபி என்ற வழக்கம் இப்படித்தான் வந்தது. 1999-இல் வெளியான டி.எல்.எஸ். 1.0 தரநிலையிலும் இதற்கு வழி இல்லை.

இடைக்கால ஒட்டுவேலைகள் இல்லாமல் இல்லை. ஒரே சான்றிதழில் பல பெயர்களை எழுதி வாங்கலாம். இன்றும் அது பயனுள்ள வழக்கம்தான், ஆனால் அந்தத் தளங்கள் எல்லாம் ஒரே ஆளுடையவையாக இருக்கும்போது மட்டும். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஐம்பது வாடிக்கையாளர்களை ஒரே சான்றிதழில் எழுதினால், ஐம்பத்தொன்றாவது ஆள் வரும்போது மொத்தத்தையும் மறுபடி வாங்க வேண்டும். யார் யார் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று சான்றிதழைத் திறந்து பார்க்கும் எவருக்கும் தெரியும். தளத்துக்கு ஒரு போர்ட் எண் ஒதுக்குவது இன்னொரு வழி. அதை எந்த வாடிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

2003 ஜூனில் ஆர்.எஃப்.சி. 3546 என்ற ஆவணம் டி.எல்.எஸ்.-க்கான நீட்சிகளை வரையறுத்தது. அதில் ஒன்றுதான் இந்த 20 பைட் துண்டு. இன்று நடைமுறையில் இருக்கும் விளக்கம் 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6066-இல் இருக்கிறது. விதிகள் குறைவு. டொமைன் பெயர் மட்டும் வரலாம். ஐபி முகவரியை அதில் எழுதக் கூடாது. எழுத்துகள் ஆஸ்கியில் இருக்க வேண்டும். தமிழில் பதிவான டொமைனும் இங்கே உருமாறித்தான் போகும்: .இந்தியா என்று முடியும் முகவரி, கம்பியில் `xn--xkc2dl3a5ee0h` என்று முடியும். பாக்கெட் பிடித்துப் பார்ப்பவர்கள் தமிழ்ப் பெயரைத் தேடிக் காணாமல் திகைப்பது இதனால்தான்.

யோசனை 2003-இல் தயார். ஆனால் அதை நம்பித் தொழில் நடத்தப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சர்வர் பக்கம் ஓரளவு மெதுவாக, ஆனால் நிச்சயமாக நகர்ந்தது: அப்பாச்சி 2009-இல் வந்த 2.2.12 பதிப்பில் எஸ்.என்.ஐ.யை ஏற்றது, மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். 2012 வரை காத்திருந்தது. முட்டுக்கட்டை வாசகர் பக்கம்தான் இருந்தது, அதன் பெயர் விண்டோஸ் எக்ஸ்பி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தனக்கென்று டி.எல்.எஸ். எழுதிக்கொள்ளவில்லை, இயங்குதளத்தில் இருந்ததையே பயன்படுத்தியது. எக்ஸ்பியில் இருந்த பகுதிக்குக் கடைசிவரை எஸ்.என்.ஐ. தெரியாது. அதனால் எக்ஸ்ப்ளோரரின் எந்தப் பதிப்பை அதில் போட்டாலும் பலனில்லை. அதே எக்ஸ்பியில் ஃபயர்ஃபாக்ஸ் 2 தன் சொந்த நூலகத்தைக் கொண்டு 2006-லேயே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு 2.x போன்களில் இருந்த பிரவுசரும் பெயர் சொல்லாத கூட்டத்தைச் சேர்ந்தது.

பெயர் சொல்லாத அந்த வாசகர்களை இழக்க விரும்பாத கடைக்காரர்கள் தனி ஐபிக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் சேவை, தனி ஐபியோடு ஒரு சான்றிதழ் வைத்துக்கொள்ள மாதம் 600 டாலர் கேட்டது. 2014 மார்ச்சில் எஸ்.என்.ஐ. வழியைத் திறந்தபோது அந்தக் கூடுதல் கட்டணமே இல்லை. அடுத்த மாதம் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் எச்.டி.டி.பி.எஸ். கொடுத்தது; எஸ்.என்.ஐ. தெரிந்த பிரவுசர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. நடுவே 2011-இல் ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பும் தீர்ந்திருந்தது. ஒரு தளத்துக்கு ஒரு முகவரி என்ற பழைய கணக்கு நீடித்திருந்தால், இன்று சின்னத் தளங்கள்கூட எச்.டி.டி.பி.எஸ்.-இல் இருப்பது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். இலவசச் சான்றிதழ் தந்த லெட்ஸ் என்க்ரிப்டுக்குப் போகும் பாராட்டில் ஒரு பங்கு இந்தப் பேசப்படாத நீட்சிக்குச் சேர வேண்டியது.

சரி, நடைமுறையில் இது எங்கே உடைகிறது? சர்வர் நிர்வாகிகளிடம் அடிக்கடி வரும் ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். ஒரே சர்வர், என்ஜின்எக்ஸ் ஓடுகிறது, அதில் இரண்டு தளங்கள்: kadai.example, palli.example. பெயர்கள் உதாரணத்துக்கு. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் சரியாகத் திறக்கின்றன. ஆனால் பள்ளித் தளத்தை மொபைலில் திறக்கும் பெற்றோர் சிலருக்கு `NET::ERR_CERT_COMMON_NAME_INVALID` என்று எச்சரிக்கை வருகிறது. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. இந்த மாதிரிப் புகாரை ‘போனில் தேதி தப்பாக இருக்கும்’ என்று தள்ளிவிடுவது வழக்கம். தேதி தப்பாக இருந்தால் வரும் பிழை வேறு.

எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து பார்க்கச் சொன்னால் விஷயம் பாதி விளங்கிவிடும். அதில் kadai.example என்று இருக்கும். காலாவதியான சான்றிதழ் இல்லை, போலிச் சான்றிதழும் இல்லை. பக்கத்துத் தளத்தின் நல்ல சான்றிதழ். எஸ்.என்.ஐ. தொடர்பான கோளாறுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. சர்வருக்குப் பெயர் வரவில்லை, அல்லது வந்த பெயருக்கு அந்த இடத்தில் ஆள் இல்லை. அதனால் முதலில் நின்ற சான்றிதழை எடுத்துக் காட்டிவிட்டது.

இரண்டில் எது என்று பிரிப்பதுதான் அடுத்த வேலை. இன்றைய போன்கள் எல்லாம் பெயர் சொல்கின்றன. ஆகவே இரண்டாவது காரணத்தைத் தேட வேண்டும். அலுவலகத்துக்கும் மொபைலுக்கும் என்ன வித்தியாசம்? அலுவலக பிராட்பேண்ட் ஐபிவி4-இல் வருகிறது. மொபைல் நெட்வொர்க்குகள் பலவற்றில் ஐபிவி6. இரண்டு வழியாகவும் ஒரே பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்:

```
openssl s_client -4 -connect palli.example:443 \
  -servername palli.example </dev/null 2>/dev/null \
  | openssl x509 -noout -ext subjectAltName
```

`-4` என்ற இடத்தில் `-6` போட்டு மறுபடி ஓட்ட வேண்டும், ஐபிவி6 உள்ள இடத்திலிருந்து. முதல் முறை `DNS:palli.example` என்று வரும். இரண்டாம் முறை `DNS:kadai.example`. சந்தேகம் தீர்ந்தது. கான்ஃபிக் கோப்பைத் திறந்தால், கடைத் தளத்தின் பகுதியில் `listen 443 ssl;` என்றும் `listen [::]:443 ssl;` என்றும் இரண்டு வரிகள் இருக்கும். பள்ளித் தளத்தின் பகுதியில் முதல் வரி மட்டும்தான். டி.என்.எஸ்.-இலோ இரண்டு தளங்களுக்கும் ஐபிவி6 முகவரி பதிவாகியிருக்கிறது. என்ஜின்எக்ஸ் தேடுவது, இணைப்பு வந்து சேர்ந்த முகவரியிலும் போர்ட்டிலும் காது கொடுத்திருக்கும் பகுதிகளுக்குள் மட்டுமே. ஐபிவி6 பக்கம் பள்ளி என்ற பெயரில் யாரும் இல்லை. பெயர் சரியாகத்தான் வந்தது. அதைக் கேட்க ஆளில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து, கான்ஃபிகை மறுபடி ஏற்றினால் முடிந்தது.

ஆனால் இங்கே ஒரு பழைய வழக்கத்தையும் கேள்வி கேட்க வேண்டும். பெயர் பொருந்தாதபோது என்ஜின்எக்ஸ் முதலில் எழுதப்பட்ட பகுதியைத் தானாக ‘டிஃபால்ட்’ ஆக்கிக்கொள்கிறது. தளத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்திருப்பவர்களுக்கு, அகர வரிசையில் முதலில் வரும் கோப்பு அந்தப் பதவிக்கு வந்துவிடும். எந்தத் தளத்தின் சான்றிதழ் ஊருக்கெல்லாம் காட்டப்படும் என்பதைக் கோப்பின் பெயர் தீர்மானிப்பது நல்ல ஏற்பாடு அல்ல. 2020-இல் வந்த 1.19.4 பதிப்பிலிருந்து இதற்கு நேரான வழி இருக்கிறது:

```
server {
    listen 443 ssl default_server;
    listen [::]:443 ssl default_server;
    ssl_reject_handshake on;
}
```

பெயர் தெரியாதவருக்கு எந்தச் சான்றிதழையும் காட்டாமல் பேச்சை முறித்துவிடு என்பது இதன் பொருள். மேலே பார்த்த பள்ளித் தளம் அப்போதும் ஐபிவி6-இல் திறந்திருக்காது. ஆனால் பெற்றோருக்குக் கடையின் பெயர் தெரிந்திருக்காது. நிர்வாகிக்கும் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லியிருக்கும். பகிர்ந்த சர்வரில் இந்தப் பகுதி இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

பெயரே வராமல் போகும் முதல் காரணம் இன்று பிரவுசர்களில் இல்லை, சர்வருக்கும் சர்வருக்கும் இடையில் இருக்கிறது. என்ஜின்எக்ஸ் முன்னால் நின்று, பின்னால் இருக்கும் இன்னொரு எச்.டி.டி.பி.எஸ். சர்வருக்குக் கோரிக்கையைக் கடத்தும்போது, அது இயல்பாகப் பெயர் சொல்வதில்லை. `proxy_ssl_server_name on;` என்று எழுதினால்தான் சொல்லும். பின்னால் இருப்பது தனிச் சர்வராக இருக்கும்வரை யாருக்கும் இது தெரியாது. அதைப் பல தளங்கள் பகிரும் கிளவுட் சேவைக்கு மாற்றிய அன்று, ஒன்றும் புரியாத ஹேண்ட்ஷேக் தோல்விகளோடு 502 பக்கங்கள் வரத் தொடங்கும். `Host:` தலைப்பைச் சரியாக அமைத்துவிட்டோமே என்று அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அந்தத் தலைப்பு போய்ச் சேரும் கட்டத்தையே இணைப்பு எட்டியிருக்காது.

இனி, காட்டிக்கொடுக்கும் பக்கம். 2003-இல் பெயரைத் திறந்த எழுத்தில் அனுப்பியது அலட்சியம் என்று இன்று சொல்வது எளிது. அன்று டி.என்.எஸ். கேள்வியும் திறந்தே போனது. சர்வர் காட்டிய சான்றிதழும் திறந்தே வந்தது, அதிலும் பெயர் இருந்தது. இரண்டு இடத்தில் கசிந்துகொண்டிருந்த ஒன்று மூன்றாவது இடத்திலும் கசிந்தது, அவ்வளவுதான். நிலைமை மாறியது 2018-இல். அந்த ஆகஸ்டில் வந்த டி.எல்.எஸ். 1.3, சான்றிதழைக் குறியாக்கத்துக்குள் கொண்டுபோனது. அக்டோபரில், டி.என்.எஸ். கேள்வியை எச்.டி.டி.பி.எஸ்.-க்குள் வைத்து அனுப்பும் முறைக்கும் தரநிலை வந்தது. மற்ற கதவுகள் மூடிய பின் எஸ்.என்.ஐ. தனியாகத் திறந்து நின்றது. பார்க்க நினைத்தவர்கள் எல்லோரும் அங்கே குவிந்தார்கள்.

தென்கொரியா 2019 பிப்ரவரியில் எஸ்.என்.ஐ.யைப் பார்த்துத் தளங்களை முடக்கத் தொடங்கியது. இந்தியாவில் அதே ஆண்டு நவம்பரில், ரிலையன்ஸ் ஜியோ இந்த முறையில் தளங்களை முடக்குவதை பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இதைச் சோதிக்கும் வழி எளியது, வீட்டிலிருந்தே செய்யலாம். முடக்கப்படாத, தெரியாத பெயருக்கும் சான்றிதழ் காட்டும் ஏதோ ஒரு சர்வரின் ஐபிக்கு இணைப்பை எடுத்து, `-servername` என்ற இடத்தில் முதலில் அதன் சொந்தப் பெயரையும், பிறகு முடக்கப்பட்ட தளத்தின் பெயரையும் கொடுக்க வேண்டும். போகும் இடம் ஒன்றே. முதல் முறை சான்றிதழ் வந்து, இரண்டாம் முறை மட்டும் இணைப்பு அறுந்தால், அறுத்தவர் பார்த்தது பெயரைத்தான், ஐபியையோ டி.என்.எஸ்.-ஐயோ அல்ல.

வெளியில் சொல்லும் பெயரும் உள்ளே `Host:` வரியில் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதுவும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைச் சிலர் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். எஸ்.என்.ஐ.யில் முடக்க முடியாத ஒரு பெரிய தளத்தின் பெயர், உள்ளே அதே கிளவுடில் இருக்கும் முடக்கப்பட்ட சேவையின் பெயர். ‘டொமைன் ஃபிரன்டிங்’ என்ற இந்த உத்தியால் சிக்னல் செயலி எகிப்திலும் சில வளைகுடா நாடுகளிலும் தடையைத் தாண்டியது. 2018 ஏப்ரலில் கூகுளும் அமேசானும் அதை நிறுத்தின. தங்கள் பெயரை மற்றவர் கேடயமாகப் பிடிப்பதை அவை விரும்பவில்லை. தணிக்கை செய்யும் அரசுகளுக்கு அது வசதியாகவும் போயிற்று.

அதே ஆண்டு, பெயரையே பூட்டும் முயற்சி தொடங்கியது. இன்று அதன் வடிவம் ‘என்கிரிப்டட் கிளையன்ட் ஹலோ’, சுருக்கமாக ஈ.சி.எச். கிளையன்ட் ஹலோவையே இரண்டாக்குகிறார்கள். உள்ளே உண்மையான பெயரோடு ஒன்று, பூட்டிய நிலையில். வெளியே எல்லோரும் பார்க்க இன்னொன்று. அதில் சேவை தருபவரின் பொதுப் பெயர் மட்டும் இருக்கும். கிளவுட்ஃபிளேரில் இருக்கும் தளங்களுக்கு அந்த வெளிப்பெயர் `cloudflare-ech.com`. சர்வரோடு பேசும் முன்பே பூட்டுவதற்குச் சாவி எங்கிருந்து கிடைக்கும்? தளத்தின் டி.என்.எஸ். பதிவிலிருந்து. அதனால் டி.என்.எஸ். கேள்வியும் பூட்டப்பட்டிருந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. பெயர் அங்கே கசிந்தால் இங்கே மறைத்துப் பயனில்லை. 2023 இலையுதிர்காலத்தில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதைப் பொதுப் பயனாளர்களுக்குத் திறந்துவிட்டன.

எதிர்வினை தாமதிக்கவில்லை. முந்தைய வடிவத்தில் இருந்தபோதே, 2020 ஜூலை இறுதியில், சீனாவின் பெருந்தடுப்பு பூட்டிய எஸ்.என்.ஐ. தெரிந்த இணைப்புகளை அப்படியே துண்டிக்கத் தொடங்கியது. ரஷ்யாவில் 2024 நவம்பரில், ஈ.சி.எச்.-ஓடு அந்த வெளிப்பெயரும் சேர்ந்து வரும் இணைப்புகள் தடைபட்டன. தள உரிமையாளர்கள் ஈ.சி.எச்.-ஐ அணைத்துவிட வேண்டும் என்று தகவல் தொடர்புக் கண்காணிப்பு அமைப்பான ரோஸ்கோம்நாட்ஸோரின் கீழ் இயங்கும் மையமே அறிவித்தது. உள்ளே என்ன பெயர் என்று தெரியாதபோது, பூட்டு இருப்பதையே குற்றமாகக் கொள்வது ஒரு அரசுக்குச் சாத்தியம். மொத்த கிளவுடும் படுத்துவிடும் செலவை அது ஏற்கத் தயாராக இருந்தால்.

ஆனால் ஈ.சி.எச்.-இன் பெரிய எல்லை அரசியலில் இல்லை, முகவரியில் இருக்கிறது. மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதில் ஒரே ஒரு தளம் வைத்திருப்பவர் எவ்வளவு நன்றாகப் பெயரைப் பூட்டினாலும், அந்த ஐபிக்குப் போகும் எவரும் அந்தத் தளத்துக்குத்தான் போகிறார். பெயர் மறைவதற்கு ஒரே முகவரியின் பின்னால் ஒரு கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டத்தைச் சேர்த்துவைத்தது எஸ்.என்.ஐ.தான்; அது இன்று திரண்டிருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்களின் கதவுக்குப் பின்னால். தன் வாசகர்களின் வழித்தடத்தை மறைக்க நினைக்கும் சிறிய தளம், அந்தக் கதவுக்குள் போய், மறைக்க நினைத்த அதே தகவலை அந்த நிறுவனத்திடம் முழுதாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.